சாட்டின் கவுன் ஏன் விறைத்து நிற்கிறது: ஒரு வருணனைப் பழக்கத்திற்கு எதிராக

தமிழில் எழுதப்படும் சாட்டின் கவுன் பெரும்பாலும் பளபளக்கிறது, அல்லது மின்னுகிறது, அல்லது உடலைத் தழுவுகிறது. அது விழுவதில்லை. மொழிபெயர்ப்புக் கதையாயினும், ஆடை வடிவமைப்பு மாணவர் எழுதும் திட்டக் குறிப்பாயினும், திரைப்பட உடைகளைப் பற்றிய கட்டுரையாயினும் நிலைமை ஒன்றுதான். கிராஸில் வெட்டித் தைத்த கவுனை வருணிக்க முற்படும் வாக்கியம், அட்டையில் ஒட்டிய காகித உடையை வருணித்துவிட்டு முடிகிறது.

இதற்கு ஆய்வு வட்டாரங்களில் ஒரு சமாதானம் தயாராக இருக்கிறது. மேலைநாட்டு உடைக்குத் தமிழில் கலைச்சொல் இல்லையாம். ஆகவே முதலில் சொல்லாக்கம் நடைபெற வேண்டுமாம். அதன் விளைவாகச் 'சாய்வு வெட்டு' போன்ற தொடர்கள் பிறக்கின்றன. இந்தச் சமாதானம் இரண்டு வகையில் தவறானது. சொல் ஏற்கெனவே இருக்கிறது. மேலும், விறைப்புக்குக் காரணம் சொல்லின்மை அன்று, வாக்கிய அமைப்பு.

முதலில் சொல்லைப் பார்ப்போம். பெங்களூரின் நீலசந்திராவில் தமிழும் கன்னடமும் உருதுவும் ஒரே தெருவில் புழங்குகின்றன. அங்குள்ள எந்தச் சிறு தையற்கடையிலும் ரவிக்கைத் துணியோடு வரும் பெண்ணிடம் கேட்கப்படும் கேள்வி, "நேர் கட்டா, கிராஸ் கட்டா?" என்பது. கேட்பவரும் பதில் சொல்பவரும் அதற்கு அகராதி தேடுவதில்லை. கிராஸ் கட் ரவிக்கையில் பின்பக்கம் பொதுவாக நேராகவே வெட்டப்படும். முன்பக்கத்துக்கு மட்டும் துணியை மூலைவாட்டில் மடித்து, அந்த மடிப்பின்மேல் அளவைக் குறித்து வெட்டுவார்கள். மார்பின் வளைவில் துணி இழுபடாமல் படிய வேண்டும் என்பதே நோக்கம். உருது வழித் தையல் மரபில் இதையே 'உரேப்' என்பர். ஆக, ஒரே பகுதியில் இரண்டு சொற்கள் வழக்கில் உள்ளன. இல்லாதது, அவற்றைக் காதில் வாங்கிக்கொள்ளும் கலைச்சொல் குழுதான்.

'சாய்வு வெட்டு' என்ற ஆக்கம் ஏன் பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதைக் கேட்கும் வாசகர், கவுனின் கீழோரம் ஒருபக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் இருப்பதாகவே எண்ணுவார். கிராஸில் வெட்டிய கவுனின் கீழோரம் தரைக்கு முற்றிலும் இணையாக இருக்கலாம். சாய்ந்திருப்பது ஓரமன்று, இழை. நெசவாளர் மொழியில் பாவு நீளவாட்டில் ஓடும். ஊடை குறுக்கே ஓடும். நேர் கட்டில் பாவு உடலின்மேல் செங்குத்தாகத் தொங்குகிறது. கிராஸில் பாவும் ஊடையும் ஆளுக்கு 45 பாகை சாய்ந்து, உடலின் குறுக்கே ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. சொல்லப்பட வேண்டிய செய்தி இதுதான்.

இந்தச் சாய்வு துணியை என்ன செய்கிறது என்பதை ஒரு கைக்குட்டையில் சோதித்துப் பார்க்கலாம். எதிரெதிர் ஓரங்களைப் பிடித்து இழுத்தால் அது அசைந்து கொடுப்பதில்லை. இழை நேராக விசையைத் தாங்குகிறது. எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுத்தால் துணி நீள்கிறது, கூடவே குறுகுகிறது. பாவும் ஊடையும் சேர்ந்து உண்டாக்கிய சின்னஞ்சிறு சதுரங்கள் சாய்சதுரங்களாக உருமாறுவதே காரணம். கவுனில் இந்த இழுவையைக் கொடுப்பது துணியின் சொந்த எடை. அதனால்தான் அது டார்ட் இல்லாமலே இடையில் குறுகி, இடுப்பில் இளகி, முழங்காலுக்குக் கீழே அகல்கிறது.

சாட்டினில் இன்னொன்றும் சேர்கிறது. சாட்டின் என்பது நாரின் பெயரன்று, நெசவின் பெயர். பட்டிலும் நெய்யலாம், பாலியெஸ்டரிலும் நெய்யலாம். ஐந்திழைச் சாட்டினில் ஒரு பாவிழை நான்கு ஊடைகளின்மேல் மிதந்து, ஐந்தாவதன் அடியில் புகும். மேற்பரப்பில் நீளநீளமாக மிதக்கும் அந்த இழைகளே ஒளியைத் திருப்புகின்றன. ஆகவே சாட்டினின் ஒளிக்குத் திசை உண்டு. இழை சாய்ந்தால் ஒளியின் போக்கும் மாறும். 'பளபளக்கும்' என்று மட்டும் எழுதுபவர் அந்தத் திசையை அழித்துவிடுகிறார். ஸ்டீல் பாத்திரமும் பளபளக்கத்தான் செய்கிறது.

இந்த அழிப்பால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். திருமணக் கவுனுக்கான ஒரு குறிப்பை எடுத்துக்கொள்வோம்: "வெள்ளைச் சாட்டின் கவுன். தரைவரை நீளம். உடலோடு ஒட்டிப் பளபளப்பாக இருக்க வேண்டும்." இதைப் படிக்கும் தையற்காரர் செய்யக்கூடியது ஒன்றே. துணியை நேராக விரிப்பார். இடையில் டார்ட் பிடிப்பார். 'ஒட்டி' என்ற சொல்லுக்காகப் பக்கத் தையலை உள்ளே தள்ளுவார். கவுன் ஒட்டும். ஆனால் உடுத்தியவர் ஓரடி எடுத்து வைத்ததும் இடுப்பின் குறுக்கே கிடைமட்டச் சுருக்கங்கள் தோன்றும். உட்கார்ந்தால் பக்கத் தையல் இழுபடும். நேர் இழையை வலிந்து ஒட்டவைத்ததன் அடையாளம் அது. பிறகு அதைப் பிரித்தும் பயனில்லை. வெட்டிய துணியின் இழையைத் திருப்ப முடியாது. தையற்காரரின் கைமேல் பழி விழும். பழிக்குரியது அந்தக் குறிப்பு.

குறிப்பில் 'கிராஸ்' என்ற ஒரு சொல் இருந்திருந்தால் கணக்கே வேறாகியிருக்கும். 44 அங்குல அகலத் துணியில் 45 பாகை சாய்த்து ஒரு நீள்சதுரத் துண்டை வெட்டினால், அத்துண்டின் நீளமும் அகலமும் சேர்ந்து ஏறத்தாழ 62 அங்குலத்துக்குள் அடங்க வேண்டும். துண்டு 16 அங்குல அகலம் என்றால் நீளம் 46 அங்குலமே கிடைக்கும். தோளிலிருந்து தரைவரை 58 அங்குலம் வேண்டும் என்றால் பன்னிரண்டு அங்குலம் குறைகிறது. எனவே எங்கோ ஓர் இணைப்பு தேவைப்படும். அதைக் கிடைமட்டமாக வைத்தால் ஓட்டம் அங்கே தடைபடும். மூலைவாட்டில் வைத்தால் தையலும் துணியோடு சேர்ந்து இறங்கும். பாரிஸில் 1912ஆம் ஆண்டு தம் நிறுவனத்தைத் தொடங்கிய மட்லேன் வியோனே இந்த வெட்டைக் கவுன் முழுவதற்கும் விரித்தவர். சிறிய மர உருவின்மேல் துணியைத் தொங்கவிட்டே அவர் வடிவமைத்தார். தமக்கு வேண்டிய துணியை வழக்கத்தைவிட அகலமாக நெய்யச் செய்து வாங்கினார். அந்த அகலத்தின் காரணம் மேற்கண்ட கணக்கில் இருக்கிறது. 1933இல் வந்த 'டின்னர் அட் எயிட்' படத்தில் ஏட்ரியன் வடிவமைப்பில் ஜீன் ஹார்லோ உடுத்திய வெள்ளைச் சாட்டின் கவுன், இந்த வெட்டை உலகெங்கும் திரைக்குக் கொண்டுசென்றது.

ஆகவே அந்தக் குறிப்பு இப்படி இருந்திருக்க வேண்டும்: "மெல்லிய சாட்டின். முன்னும் பின்னும் முழுக் கிராஸ். டார்ட் வேண்டாம். இடுப்புக்குக் கீழே மூலைவாட்டில் இணைப்பு. ஒருநாள் தொங்கவிட்ட பிறகே கீழோரம் மடிக்கவும்." கடைசி வரி அலங்காரமன்று. கிராஸில் வெட்டிய துணி தன் எடையில் இறங்கிக்கொண்டே இருக்கும். உடனே மடித்துத் தைத்தால் சில நாட்களில் கீழோரம் ஓரிடத்தில் தாழ்ந்தும் ஓரிடத்தில் உயர்ந்தும் நிற்கும்.

இனி வாக்கிய அமைப்பு. இலக்கிய வருணனையில் வழக்கமாகக் காணும் வடிவம் இது: "அவள் உடலோடு ஒட்டிய, பளபளக்கும் வெள்ளைச் சாட்டின் கவுன் அணிந்திருந்தாள்." இரண்டு பெயரெச்சங்கள், ஒரு நிறப்பெயர், ஒரு செயப்படுபொருள், பின் 'அணிந்திருந்தாள்'. கவுனுக்கு இவ்வாக்கியத்தில் வினையே இல்லை. அது அணியப்பட்டு, முடிந்து, நிற்கிறது. எத்தனை அடைகளைக் கூட்டினாலும் அது நகராது. ஒவ்வோர் அடையும் இன்னொரு குண்டூசியாக அதைக் குத்தி நிறுத்தும்.

துணியை எழுவாயாக்கினால் என்ன நேர்கிறது என்று பார்க்கலாம்: "தோளில் மெல்லிய பட்டையில் தொங்கிய துணி, இடமார்பிலிருந்து வலது இடுப்புக்குச் சரிந்து, அங்கே சற்றே தயங்கி, முழங்காலுக்குக் கீழே அகன்றது. அவள் திரும்பியபோது ஒளியும் அதே மூலைவாட்டில் இறங்கியது." புதுச்சொல் ஒன்றுகூட இதில் இல்லை. 'இலிருந்து' நீங்கும் இடத்தையும், 'கு' சேரும் இடத்தையும் குறிக்கின்றன. இரண்டும் உடலின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால் மூலைவாட்டு தானாக உருவாகிறது. சரிந்து, தயங்கி என்னும் வினையெச்சங்கள் துணியை நிறுத்தாமல் அடுத்த வினைக்குக் கடத்துகின்றன. பெயரெச்சத்தின் வேலையை வினையெச்சத்திடம் ஒப்படைத்ததே இங்கு நடந்த மாற்றம்.

மேலைநாட்டு உடைக்கு இந்த நடை செயற்கை என்போர் சேலையை நினைத்துப் பார்க்க வேண்டும். முந்தானை சரிகிறது, நழுவுகிறது, தோளைக் கடந்து இறங்குகிறது. சேலை தழையத் தழையக் கட்டப்படுகிறது. இடத்தோளுக்கு ஏறும் முந்தானை மார்பின் குறுக்கே சாய்வாகவே செல்கிறது என்பதைத் தமிழ் உரைநடை என்றோ கவனித்துவிட்டது. அதே எழுத்தாளரின் கை கவுனுக்கு வந்ததும் வினைகளைக் கைவிட்டு அடைகளைப் பற்றிக்கொள்கிறது. குறைபாடு மொழியில் இருந்தால் முந்தானையும் விறைத்திருக்க வேண்டும்.

எல்லாச் சாட்டின் கவுனையும் சரியவைக்க வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. தடித்த டச்சஸ் சாட்டினில் தைத்த அகன்ற பாவாடைக் கவுன் நிற்பதற்காகவே செய்யப்பட்டது. அதை 'வழிந்தது' என்று எழுதுவது பொய். கிராஸில் வெட்டியிருந்தாலும், கனமான மணிவேலை நெருக்கமாகத் தைத்த இடத்தில் துணி இளகாது. எழுதுமுன் படத்தையோ ஆடையையோ பார்த்து முடிவுசெய்யலாம். டார்ட் இருக்கிறதா? மடிப்புகள் செங்குத்தாக இறங்குகின்றனவா, இடுப்பைச் சுற்றிச் சாய்கின்றனவா? ஒளிப்பட்டை எந்தப் பக்கம் ஓடுகிறது? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தெரியாதவர் அந்தக் கவுனை இன்னும் பார்க்கவில்லை.

ஆடை வடிவமைப்புக்குத் தமிழில் பாடநூல் எழுதப்போகும் குழுக்கள் அடுத்த சொற்பட்டியலைத் தொடங்குமுன் ஒரு ரவிக்கைத் துணியோடு நீலசந்திராவுக்குப் போய்வரலாம். நேர் கட்டா, கிராஸ் கட்டா என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியிலிருந்து பட்டியலைத் தொடங்கட்டும்.