சத்தம் பத்தலையே!

சிறுதானியங்களைப் பற்றி எழுதுவதாகத்தான் இருந்தேன். அதற்காகவே ஒரு கல்லூரிக் கருத்தரங்கத்தின் தொடக்க விழாவுக்குப் போய், மூன்றாவது வரிசையில் குறிப்பேடும் கையுமாக உட்கார்ந்தேன். குத்துவிளக்குக்குத் தீப்பெட்டி தேடிய படலத்தையும் பொன்னாடைப் படலத்தையும் தாண்டிவிடுகிறேன்.

சிறப்புரையாளர் மைக்கைப் பிடித்தார். "எல்லாருக்கும் காலை வணக்கம்!"

முன்வரிசை முனகியது.

"என்ன, சத்தம் பத்தலையே? காலைல யாரும் சாப்பிடலையா?"

இந்த வசனத்தை ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர்களே மைக்கோடு சேர்த்துக் கொடுத்தனுப்புகிறார்களோ என்ற சந்தேகம் எனக்கு ரொம்ப நாளாக உண்டு. வணக்கம் என்பது மரியாதை. அதைத் தராசில் போட்டு, எடை குறைகிறது, இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்பது என்ன நியாயம்? பிள்ளைகள் மூன்றாம் தடவை கூரை அதிரக் கத்தினார்கள். அவருக்குத் திருப்தி. அடுத்து, "வாழ்க்கைல ஜெயிக்கணும்னு எத்தனை பேருக்கு ஆசை? கை தூக்குங்க பார்ப்போம்." மேடை விளக்கு அவர் கண்ணில் அடிக்கிறது, அரங்கமோ இருட்டு. ஒரு கையும் அவருக்குத் தெரிந்திருக்காது. "பரவாயில்லையே, நிறைய கை தெரியுது" என்றார்.

அதற்கப்புறம்தான் பெரிய கேள்வி: "வெற்றின்னா என்ன? யாராவது சொல்லுங்க." அரங்கம் அமைதியாக இருந்தது. "தம்பி, அந்த ப்ளூ சட்டை, நீங்க சொல்லுங்க." அந்தப் பையன் எழுந்து ஏதோ சொன்னான். மைக் இல்லை. "என்ன? கேக்கலை." மறுபடி சொன்னான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "நல்ல பதில், உட்காருங்க" என்று அவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அந்தப் பதில் என்னவென்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. காது சிவக்க உட்கார்ந்த அந்தப் பையன் அதன் பிறகு மேடைப் பக்கம் நிமிரவே இல்லை. அவனுக்கு இரண்டு இருக்கை தள்ளித்தான் நான் இருந்தேன்.

சிறுதானியம் அடுத்த வாரம்.

கேள்வியோடு உரையைத் தொடங்குவது தப்பே இல்லை. நல்ல கேள்வி விழுந்த மாத்திரத்தில் கேட்பவரின் மனசு விடை தேடிக் கிளம்பிவிடும். ஆனால் மனசு தேடுவது வேறு, வாய் திறப்பது வேறு. ஐந்நூறு பேர் நடுவில் வாய் திறப்பவர் தன் மானத்தைப் பணயம் வைக்கிறார். தப்பாகச் சொன்னால் சிரிப்பார்கள், சரியாகச் சொன்னால் முந்திரிக்கொட்டை என்பார்கள். அதனால் பேசாமல் இருப்பதே புத்திசாலித்தனம் என்று ஐந்நூறு பேரும் தனித்தனியாக முடிவு செய்கிறார்கள். மேடையில் இருப்பவர் இதை ஆர்வமின்மை என்று எடுத்துக்கொண்டு, ஒரு ப்ளூ சட்டையைப் பிடிக்கிறார். உரையின் அடுத்த வரி அந்தப் பையனின் வாயில் தொங்குகிறது. கோளாறு அங்கேதான்.

இதே காரியத்தை அழகாகச் செய்த இரண்டு பேர் ஒரே மாநாட்டில் பேசியிருக்கிறார்கள். 2006 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் மான்டெரேயில் நடந்த டெட் மாநாடு அது. கல்வியாளர் கென் ராபின்சன் மேடையேறியதும் நம்மாள் மாதிரியே காலை வணக்கம் சொன்னார், எப்படி இருக்கிறீர்கள் என்றும் விசாரித்தார். ஆனால் பதிலை நம்பி நிற்கவில்லை. மாநாடு பிரமாதமாகப் போகிறது, அசந்துபோய்விட்டேன், அதனால் நான் கிளம்புகிறேன் என்றார். அரங்கம் சிரித்தது. யாரும் பதில் சொல்லாவிட்டாலும் அந்த வரி அப்படியே நின்றிருக்கும், ஏனென்றால் அதற்கு யாருடைய பதிலும் தேவைப்படவில்லை.

இன்னொருவர் ஹான்ஸ் ரோஸ்லிங். ஸ்வீடன் நாட்டு மருத்துவர், கரோலின்ஸ்கா நிறுவனத்தில் பேராசிரியராக இருந்தவர். அன்றைய உரையின் தொடக்கத்தில் அவர் ஒரு தேர்வைப் பற்றிச் சொன்னார். பத்து ஆண்டுகளுக்கு முன் தன் மாணவர்களுக்கு வைத்த தேர்வு. ஐந்து ஜோடி நாடுகள், ஒவ்வொரு ஜோடியிலும் எந்த நாட்டில் குழந்தை இறப்பு அதிகம் என்று சொல்ல வேண்டும். முதல் ஜோடியே நமக்குப் பக்கத்து வீடு: இலங்கையா, துருக்கியா?

நீங்களும் இந்நேரம் ஒன்றைத் தேர்ந்துவிட்டீர்கள், இல்லையா? அங்கே உட்கார்ந்திருந்தவர்களும் அப்படித்தான். அவர்களிடம் ரோஸ்லிங் எதுவும் கேட்கவில்லை. கேள்வி மாணவர்களுக்கு வைத்தது. ஆனால் அது திரையில் வந்த பிறகு விடை தேடாமல் யாரால் இருக்க முடியும்? யாரும் கை தூக்க வேண்டாம், யார் மானமும் போகாது. விடை துருக்கி. போலந்து–தென்கொரியா ஜோடியில் போலந்து, மலேசியா–ரஷ்யாவில் ரஷ்யா. மாணவர்களின் சராசரி ஐந்துக்கு 1.8. இலங்கை, துருக்கி என்று பெயர் ஒட்டிய இரண்டு வாழைப்பழங்களைச் சிம்பன்சிகளிடம் நீட்டியிருந்தால் பாதியாவது சரியாக எடுத்திருக்கும் என்றார். கையோடு, மருத்துவ நோபலுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் தன் சக பேராசிரியர்களுக்கும் அதே தேர்வை வைத்ததாகவும், அவர்கள் சிம்பன்சிகளுக்குச் சமமாக வந்ததாகவும் சொன்னார்.

அந்தக் கேள்வியின் கட்டுமானத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டில் ஒன்று என்பதால் மனசுக்குள் விடை நொடியில் விழுந்துவிடுகிறது. 'வெற்றி என்றால் என்ன' என்பதற்கு அப்படி விழாது. விடை ஏற்கெனவே அவர் கையில் எண்ணாக இருக்கிறது. மூன்றாவதுதான் பலரும் கவனிக்காதது. சரியான விடை தெரிந்தவருக்கும் ஏதோ மிச்சம் வைத்திருக்கிறார். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு நாட்டின் குழந்தை இறப்பு மற்றதைப் போல இரண்டு மடங்கு. துருக்கி என்று சரியாக ஊகித்தவருக்கும் அந்த இரண்டு மடங்கு புதுச்செய்தி.

என் சகலை குடிநீர்த் துறையில் இருக்கிறார். அடுத்த மாதம் பொறியியல் மாணவர்களுக்கு நீர் மேலாண்மை பற்றித் தொடக்க உரை. "அண்ணே, எப்படி ஆரம்பிச்சிருக்கேன்னு பாருங்க" என்று தாளை நீட்டினார். முதல் வரி: 'தண்ணீர் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது?' நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். ஒருத்தன் "டேங்கர் லாரி" என்பான், ஒருத்தன் "சரக்குக்கு சைடிஷ்" என்பான், மற்றவர்கள் வாயே திறக்கமாட்டார்கள். மூன்றுக்கும் அவரிடம் அடுத்த வரி இல்லை.

இருவரும் உட்கார்ந்து மாற்றினோம். புதுக் கேள்வி: 'ஒரு வருஷத்தில் அதிக மழை பெய்வது சென்னையிலா, லண்டனிலா?'

அடுத்த வரியாக அவர் எழுதியது: 'எல்லாரும் லண்டன்னுதானே நினைச்சீங்க?' அதை அடிக்க வைத்தேன். யாராவது ஒருத்தன் "சென்னை!" என்று கத்திவிட்டால் அந்த வரி செத்துவிடும். கத்தாவிட்டாலும், கேட்பவரை முட்டாளாக்கும் தொனி அதில் இருக்கிறது. அதற்குப் பதிலாக இப்படி வைத்தோம்: 'லண்டன்காரர் குடையில்லாமல் வெளியே போகமாட்டார் என்பார்கள். அங்கே வருஷத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை. சென்னையில் சுமார் 1,400.' இதில் அவையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அரங்கம் மௌனமாக இருந்தாலும், லண்டன் என்றாலும், சென்னை என்றாலும், கடைசி வரிசைக் குறும்பன் "சிரபுஞ்சி" என்று கூவினாலும், அடுத்த வரி ஒரு எழுத்து மாறாமல் போகும். சென்னை என்று சரியாகச் சொன்னவனுக்கும் இரண்டு மடங்குக்கு மேல் என்பது தெரிந்திருக்காது. அங்கிருந்து நேராக விஷயத்துக்குள் இறங்கிவிடலாம்: அவ்வளவு மழை பெய்கிற ஊருக்கு 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் ஏற்றி வந்தார்களே, ஏன்?

"கேட்டுட்டு எவ்வளவு நேரம் நிக்கணும்ணே?" என்றார் சகலை. நல்ல சந்தேகம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் பள்ளி வகுப்பறைகளில் ஒலிப்பதிவு செய்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடிதான். அதை மூன்று விநாடி ஆக்கியபோது மாணவர்களின் பதில்கள் நீண்டன, தாமாகவே வாய் திறந்தவர்களும் கூடினார்கள். மேடையிலும் மூன்று விநாடி போதும். பேசுகிறவருக்கு அது ஒரு யுகமாகத் தோன்றும், கேட்பவருக்கு யோசிக்க அப்போதுதான் நேரம் கிடைக்கிறது. அந்த மூன்று விநாடியில் என்ன செய்யக்கூடாது என்பது முக்கியம். காதுக்குப் பக்கத்தில் கையைக் குவிக்கக்கூடாது. மைக்கை அவை பக்கம் நீட்டக்கூடாது, "ம்? ம்?" என்று கொக்கி போடக்கூடாது, ஒரே முகத்தை உற்றுப் பார்க்கவும் கூடாது. இதெல்லாம் 'சொல்லு' என்ற கட்டளை. வாயை மூடி, பார்வையை இடமிருந்து வலமாக மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தால் மூன்று விநாடி ஆகிவிடும். தண்ணீர் குடிக்கிறவர்கள் அப்போது ஒரு மிடறு குடிக்கலாம்.

யாராவது பதில் சொல்லிவிட்டால் அவமதிக்கவும் வேண்டாம். அவர் சொன்னதை மைக்கில் ஒருமுறை திருப்பிச் சொல்லி, சரி தப்பு என்று தீர்ப்பு வழங்காமல், எழுதிய வரிக்குப் போய்விட வேண்டும். கடைசி வரிசைக்காரருக்கு என்ன நடந்தது என்று புரிய வேண்டுமல்லவா?

இந்த வித்தைக்கும் எல்லை உண்டு. ஓர் உரைக்கு இப்படி ஒரு கேள்வி தாங்கும். நான்கைந்து அடுக்கினால் வினாடி வினா ஆகிவிடும், அல்லது மேடைக்காரர் தன் அறிவைக் காட்டிக்கொள்கிறார் என்று பின்வரிசை முடிவு கட்டிவிடும். தன் துறைக்காரர்கள் மட்டும் கூடிய அவையில் இது எடுபடவும் எடுபடாது. வானிலை ஆய்வாளர்களிடம் போய் சென்னையா லண்டனா என்றால் கொட்டாவி விடுவார்கள். இரங்கல் கூட்டத்தில் கேள்வியே வேண்டாம்.

உங்களில் மேடையேறப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் நாள் இரவே கேள்வியைத் தாளில் எழுதி, அதற்கு அடுத்த வரியையும் எழுதுங்கள். அந்த வரிக்கு முன்னால் மௌனத்தை ஒருமுறை, சரியான விடையை ஒருமுறை, கோமாளித்தனமான விடையை ஒருமுறை வைத்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மூன்றில் ஒன்றிலாவது இடறினால் கேள்வியை அடித்துவிட்டு இரண்டாவது வரியிலிருந்தே பேச்சைத் தொடங்குங்கள்.