பாட்டியின் பிறந்த நாளுக்கு நாலு வரி

நம்மவர் பத்திரிகைகளில் நாடோறும் வெளிவரும் நினைவஞ்சலி விளம்பரங்களை நேயர்கள் ஒருமுறை ஊன்றிப் படித்துப் பார்க்க வேண்டுகிறேன். நடுவே ஒரு படம். அதன் இருபுறமும் தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகள். கீழே ஆறாத் துயரம், வற்றாத கண்ணீர், ஆத்ம சாந்தி. அதற்கும் கீழே மக்கள், மருமக்கள், பேரர், பேர்த்தியர் என்று ஒரு நீண்ட ஜாபிதா. மறுநாள் படத்தை மட்டும் மாற்றி வேறொருவருக்கு அதனையே பிரசுரித்தாலும், பெயர்களையும் தேதிகளையும் தவிர ஓர் எழுத்தைத் திருத்த வேண்டியதில்லை. எண்பது ஆண்டு வாழ்ந்தவரைப் பற்றி அதில் ஒரு வரியாவது உண்டா? அழுகின்றவர் யார் யார் என்பது தெரிகிறது. அழப்படுகின்றவர் யார் என்பதுதான் தெரியவில்லை.

இந்த வழக்கத்தை விட்டொழிக்க வேண்டுமென்று எங்கள் குடும்பத்தில் யான் வாதாடினேன். மறைந்த தேதியில் அல்ல, பாட்டி பிறந்த தேதியில், அவர் வாழ்ந்த வகையைச் சொல்லும் வாசகம் ஒன்றைப் போடுவோம் என்றேன். சிற்றப்பா சீறி எழுந்தார். “செத்தவங்களுக்குப் பிறந்தநாளா? ஊர் சிரிக்கும்டா!” என்றார். கிருஷ்ண ஜயந்தியும் ராம நவமியும் பிறந்த நாட்கள் அன்றோ, அவற்றுக்கு ஊர் சிரித்ததுண்டோ என்று கேட்டேன். தெய்வமும் மனிதரும் ஒன்றா என்றார். அப்படியாயின் காந்தியடிகள் பிறந்த நாளை உலகம் கொண்டாடுவது எதற்கு என்றேன். அதற்கு அவர் விடை சொல்லவில்லை. ஆனால் வேறொன்று சொன்னார். அது வலுவான வார்த்தை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். “செத்த தேதி நிச்சயமாத் தெரியும். பொறந்த தேதி யாருக்குத் தெரியும்?”

உண்மைதான். பாட்டியின் அடையாள அட்டையில் ஜூலை முதல் தேதி என்றிருக்கிறது. 1948இல் அவசரகாலம் பிறந்ததும், பன்னிரண்டு வயதும் அதற்கு மேலும் ஆனவர் யாவரையும் சர்க்கார் பதிவு செய்து அட்டை கொடுத்தது. தோட்டத்து ஜனங்களில் தேதி சொல்லத் தெரிந்தவர் எத்தனை பேர்? பாட்டி வயதைச் சொன்னாராம். எழுதியவர் ஆண்டைக் கணக்கிட்டு, மாதமும் நாளும் தாமே வைத்தாராம். யானும் ஒரு கிராணி. பேரேட்டில் காலியாகக் கிடக்கும் கட்டத்தை நிரப்பும் அவசரம் எத்தகையது என்பதை யான் அறிவேன்!

ஆனால் தேதி தெரியாவிடில் நாளும் தெரியாதென்பதில்லை. பாட்டியின் தமக்கையார், “தைப்பூசம் கழிஞ்ச மூணாம் நாள், காவடிக்காரங்க திரும்பி வந்துக்கிட்டு இருந்தாங்க” என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆண்டு 1935. திதி பார்த்து சிராத்தம் செய்கின்றவர்க்கு ஆங்கிலத் தேதி இல்லையே என்னும் குறை எங்கிருந்து வந்தது? தைப்பூசம் கழிந்த மூன்றாம் நாளே பாட்டியின் பிறந்த நாள் என்று முடிவாயிற்று. சிராத்தம் வேண்டுமென்றவர் அதனை வீட்டில் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம்.

வாசகம் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. முதலில் யான் எழுதியது வெட்கக்கேடானது. தியாகச் சுடர், பாசத்தின் இமயம், அன்பின் ஆலயம்! ஆங்கிலம் பயின்றவனாதலால் அம்மொழியின் வாழ்த்து மடல்களிலிருந்து இரண்டொரு தேன் சொட்டுகளையும் பிழிந்துவிட்டிருந்தேன். எழுதி முடித்துப் படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு படித்தேன். எந்தப் பாட்டி? எவருடைய பாட்டி? யான் ஏசிய அதே வாசகத்தைக் கண்ணீர் மட்டும் துடைத்து எழுதியிருக்கிறேன் என்று விளங்கிற்று. காகிதத்தைக் கிழித்தெறிந்துவிட்டு, பாட்டியோடு வேலை செய்த ஒரு முதியவளைத் தேடிப் போனேன்.

அம்மாளிடம் பாட்டி நல்லவரா என்று யான் கேட்கவில்லை. அக்கேள்விக்கு ஒரே விடைதான் வரும். பாட்டி கத்தியை எப்படிப் பிடிப்பார் என்று கேட்டேன். உடனே அம்மாள் எழுந்து நின்று சுவரையே மரமாக்கிக் காட்டத் தொடங்கிவிட்டாள். இருட்டோடு பெரட்டுக்குப் போய், வெயில் ஏறுமுன் நிரையை முடித்தாக வேண்டும். குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக ஓடும். வெட்டு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ வேண்டும். பட்டைக்குள் பால் குழாய்கள் சற்றுச் சாய்ந்தே ஏறுவதால், அப்படி வெட்டினால்தான் குழாய்கள் மிகுதியாக அறுபடும். பால் மிகுதியாயிருப்பது பட்டையின் உட்புறத்தில், கட்டையை ஒட்டி. கத்தி ஆழம் போகாவிட்டால் மங்கு நிறையாது. ஒரு மில்லிமீட்டர் மிஞ்சிப் போய்விட்டாலோ, பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே வளரும் உயிர்த்தோல் காயப்படும். அந்தக் காயம் அன்று தெரியாது. பல ஆண்டு கழித்துப் புதுப்பட்டை வளர்ந்து மறுபடி வெட்ட வரும்போது, அவ்விடம் முண்டும் முடிச்சுமாக நிற்கும், கத்தி வழுக்கும். முன்னே வெட்டியவள் பொறுமைசாலியா, மங்கு நிறைந்தால் போதுமென்று குத்தித் தள்ளியவளா என்பதை மரம் காட்டிக்கொடுத்துவிடும்.

“உங்க பாட்டி வெட்டுன மரம் கன்னம் மாதிரி இருக்கும்பா. அவ நிரையை எனக்குக் கொடுத்தாங்க. கத்தி தானா போச்சு” என்றாள் அம்மாள்.

சிற்றப்பாவைக் கேட்டேன், அவர் முகம் மாறிற்று. ஜப்பான்காரன் காலத்தில், ஏழு வயதில், மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கே தின்று வளர்ந்த பாட்டி, பிற்காலத்தில் அக்கிழங்கை வாசற்படிக்குள் விட்டதில்லையாம். ஒருமுறை யாரோ அன்போடு கொண்டுவந்ததைக் கூடையோடு வெளியே வீசினாராம். இதையும் போடலாமா என்றேன். “போடாதே, கோவக்காரின்னு தெரிஞ்சிடும்” என்றார் முதலில். பிறகு அவரே சிரித்துவிட்டார். கோபக்காரியாக இருந்தவரைச் சாந்த சொரூபியாக்கிப் படத்துக்குக் கீழே நிறுத்துவது அவரை இரண்டாம் முறை சாகடிப்பதாகும் என்பது என் கட்சி. குறையை ஒளிக்க வேண்டுமென்பவர்கள் அந்த ஆளையே ஒளித்துவிடுகிறார்கள்.

பத்திரிகை இடத்துக்குக் காசு. அழுவோர் ஜாபிதாவை அடியோடு நீக்கினேன். இருபத்து மூன்று பெயர்கள் போயின. இரண்டு அத்தைமார் இன்றளவும் என்னோடு பேசுவதில்லை. அவ்விடத்தில் வந்தது இது:

“எங்கள் பாட்டி 1935இல், தைப்பூசம் கழிந்த மூன்றாம் நாள் பிறந்தார். 31 ஆண்டு பால்மரம் வெட்டினார். 400 மர நிரையில் அவர் காயப்படுத்திய மரம் அரிது. கையெழுத்திடத் தெரியாதவர், மகள்கள் மூவரையும் பள்ளிக்கு அனுப்பினார். மரவள்ளிக்கிழங்கை வீட்டுக்குள் விடமாட்டார். இன்று அவர் பிறந்த நாள்.”

மறைவுத் தேதி இல்லை. படத்துக்கு மாலையும் இல்லை. இறந்ததைச் சொல்லாமல் விட்டால் உயிரோடிருப்பதாக எண்ணி எவரேனும் பார்க்க வந்துவிடுவார்கள் என்று பயமுறுத்தினார்கள். ஒருவர் வந்தார்தான், ஆனால் பார்க்க அன்று. மூன்றாம் நாள் என் ஆபீசுக்குப் பத்திரிகையை மடித்துக்கொண்டு ஒரு கிழவர் வந்தார். பாட்டி வேலை செய்த தோட்டத்தில் கங்காணியாக இருந்தவராம். அந்த ரப்பர் மரங்களையெல்லாம் வெட்டிச் சாய்த்துச் செம்பனை நட்டு எவ்வளவோ காலமாயிற்று. நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

“தம்பி, நானூறுன்னு போட்டிருக்கீங்களே, தப்பு. அந்த அம்மா நிரை நானூத்து முப்பது. மேட்டுப் பக்கம் முப்பது மரம் சேர்த்துக் கொடுத்தது நாந்தான். அடுத்த வருஷம் திருத்திப் போடுங்க.”

பேரேட்டைத் திறந்து, பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன்.