ஏலத்தில் அடிவிலை

ஒட்டன்சத்திரம் போன்ற காய்கறிச் சந்தைகளுக்குச் சரக்கு அனுப்பும் நம் அங்கத்தினர்கள், "இதற்குக் கீழ்க் கொடுக்க வேண்டாம்" என்று கமிஷன் மண்டிக்காரரிடம் ஒரு விலை கூறி வைப்பதுண்டு. அந்த அடிவிலையைப் பெரும்பாலோர் சாகுபடிச் செலவைக் கொண்டே நிர்ணயிக்கின்றனர். இது பிழையான கணக்கு என்பது நம் அபிப்பிராயம். விதைக்கும் உரத்திற்கும் பறிகூலிக்கும் கொடுத்த பணம் சரக்கு விற்றாலும் விற்காவிட்டாலும் போனதுதான். இன்று விற்காவிட்டால் அச்சரக்கு நமக்கு என்ன தரும் என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

14 கிலோ தக்காளிப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாளை அது 200 ரூபாய்க்குப் போகும் என்று எதிர்பார்க்கிறோம். அழுகலுக்கு 20 ரூபாயும், வைப்புக்கும் வண்டிக்கும் 20 ரூபாயும் கழித்தால் மிஞ்சுவது 160. விலைகள் யாவும் கமிஷன் நீங்கலாகக் கொள்க. 160-க்குக் கீழ்க் கொடுப்பது நஷ்டம் என்பது தெளிவு. ஆனால் அடிவிலை 160 அன்று. அதற்கும் மேலே இருத்தல் வேண்டும்.

காரணம் யாதெனில், ஏறுமுக ஏலத்தில் விலை, இரண்டாமவர் விலகும் இடத்தில் நின்றுவிடுகிறது. முதல்வர் 280 தரச் சித்தமாயிருந்தும் இரண்டாமவர் 170-இல் விலகினால் நமக்குக் கிடைப்பது 170-ஐ ஒட்டிய தொகையே. அடிவிலை பயன்படுவது இத்தகைய வேளையில்தான்.

ஒரே ஒரு வியாபாரிதான் வருகிறார், அவர் தரக்கூடியது 100 முதல் 300 வரை எதுவாகவும் இருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். அடிவிலை 200 எனில், நூற்றுக்கு 50 தடவை விற்கும். 160-க்கு மேல் லாபம் 40. சராசரி 20 ரூபாய். 260 எனில், 20 தடவையே விற்கும், லாபம் 100, சராசரி மீண்டும் 20. நடுவே 230 எனில், 35 தடவை விற்று, சராசரி 24 ரூபாய் 50 காசு தரும். ஆகவே 230-ஏ சிறந்தது.

ஏலம் கேட்போர் பலரானாலும், அவர்கள் தம்முள் கூடிப்பேசாது தனித்தனியே மதிப்பிடும் வரை, இந்த 230 மாறுவதில்லை. அதன் தேவைதான் குறைகிறது. பத்துப் பேர் போட்டியிட்டால் அவர்களே விலையை அதற்கு மேல் ஏற்றிவிடுவர். ஆயினும், நாள்தோறும் கேள்வி ஒரே தொகையில் நின்று, சரக்குகள் முறைவைத்தாற்போல் இருவர் மூவருக்கே போகுமாயின், அவர்கள் கூடிப் பேசியிருக்கிறார்கள் என்று ஐயுறலாம். அப்போது அடிவிலையே நமக்குக் காவல்.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். அடிவிலை எட்டாமல் சரக்கைத் திரும்ப எடுத்துவிட்டு, மாலையில் அதே வியாபாரிக்குக் குறைத்துக் கொடுத்தால், மறுநாள் அவர் ஏலத்தில் வாய் திறவார்; மாலைக்கே காத்திருப்பார். கடைப்பிடிக்க இயலாத அடிவிலையைக் கூறாதிருப்பதே நன்று.