ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினால்? நீண்ட விமானப் பயணமும் ஆழ்சிரை ரத்த உறைவும்

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து துபாய் வரை சுமார் 16 மணி நேரம். அங்கிருந்து சென்னைக்கு 4 மணி நேரம். இறங்கிய கையோடு மதுரைக்கு இரவு பஸ், பிறகு உசிலம்பட்டிக்கு இன்னும் 40 கிலோமீட்டர். அமெரிக்காவில் ஐ.டி. வேலை பார்க்கும் ஒருவர் திருவிழாவுக்கு ஊர் வரும் கணக்கு இது. ஒன்றரை நாளில் ஏறக்குறைய முழுவதும் உட்கார்ந்தே வந்திருப்பார்.

மூன்றாம் நாள் காலை இடது கெண்டைக்கால் மட்டும் இறுக்கமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் என்ன சொல்வார்கள்? "நரம்பு பிடிச்சிருக்கும்ப்பா, எண்ணெய் போட்டு நீவி விட்டா சரியாயிடும்." தப்பு நடக்கும் இடம் இதுதான்.

நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி, காலின் ஆழத்தில் இருக்கும் சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. முழங்காலை மடக்கி மணிக்கணக்கில் உட்கார்ந்தால் அந்த பம்ப் நின்றுபோகிறது. தேங்கிய ரத்தம் சிலருக்குச் சிரைக்குள்ளேயே உறைகிறது. இதுதான் டீப் வெயின் த்ராம்போசிஸ், சுருக்கமாக டி.வி.டி. அடிபட்ட இடம் கன்றிப்போனால் நாம் 'ரத்தக்கட்டு' என்போமே, அது வேறு. அது தோலுக்கு அடியில். இது குழாய்க்குள் இருக்கிறது. ஒரு துண்டு பிய்ந்தால் நேராக நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளும். அதனால்தான் நீவக் கூடாது.

2000-ம் ஆண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து லண்டன் திரும்பிய 28 வயதுப் பெண் ஒருவர், ஹீத்ரூ விமான நிலையத்தில் இறங்கியதும் சுருண்டு விழுந்து இறந்தார். 'எகானமி கிளாஸ் சிண்ட்ரோம்' என்ற பெயர் உலகமெங்கும் பரவியது அதன் பிறகுதான். பெயர் என்னவோ பொருத்தமில்லை. பிசினஸ் கிளாஸில் அசையாமல் தூங்கினாலும், பஸ்ஸில் உட்கார்ந்து வந்தாலும் இது வரும். உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு, 4 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் இந்த ஆபத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்குகிறது என்றது. ஆனாலும் பொதுவாக 6,000 பேரில் ஒருவருக்குத்தான் வரும் என்பதையும் அதே ஆய்வு சொன்னது. பீதி வேண்டாம். கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள், பருமனானவர்கள், ஏற்கெனவே ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். உயரம் 160 செ.மீ.க்குக் குறைந்தவர்களும் இதில் உண்டு. கால் தரையில் பதியாததால் இருக்கையின் விளிம்பு தொடையடியை அழுத்துவது காரணமாக இருக்கலாம்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? பயணம் முடிந்து இரண்டு பாதமும் சமமாக வீங்கியிருந்தால் பெரும்பாலும் அது சாதாரண நீர்தான், ஓரிரு நாளில் வடிந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் வீங்குவதுதான் சந்தேகத்துக்குரியது. தையல்காரர் டேப் ஒன்றை எடுங்கள். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் ஒரு எலும்பு மேடு தட்டுப்படும். அதிலிருந்து 10 செ.மீ. கீழே இரண்டு கெண்டைக்கால்களையும் சுற்றி அளக்க வேண்டும். வித்தியாசம் 3 செ.மீ.க்கு மேல் இருந்தால் மருத்துவர்கள் அதை ஒரு முக்கியப் புள்ளியாக எடுத்துக்கொள்கிறார்கள். கூடவே சூடு, அழுத்தினால் வலி, நிறமாற்றம், விரலால் அமுக்கினால் குழி விழுவது இருந்தால் சந்தேகம் வலுக்கும். அளவு குறைவாக இருந்தாலும் புதிதாக வந்த ஒருபக்க வலியோடு வீட்டில் காத்திருக்கக் கூடாது. வீக்கம் இறங்கிய அன்றே தெரிய வேண்டும் என்பதும் இல்லை. முதல் இரண்டு வாரம்தான் ஆபத்து அதிகம், நான்கு வாரம் வரைகூட நீளலாம்.

மருத்துவரிடம் போனதும், "இத்தனை மணி நேரம் பயணம் பண்ணிட்டு வந்தேன்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். கேட்க மறந்துபோகக்கூடிய கேள்வி அது. சந்தேகம் குறைவு என்றால் டி-டைமர் ரத்தப் பரிசோதனை செய்வார்கள். நெகட்டிவ் என்றால் நிம்மதி. பாசிட்டிவ் என்பதை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது. தொற்று, கர்ப்பம், சமீபத்திய ஆபரேஷன் எதிலும் அது ஏறும். சந்தேகம் அதிகம் என்றால் நேராக டாப்ளர் ஸ்கேன். கருவியால் அழுத்தும்போது ஆரோக்கியமான சிரை தட்டையாகும், உள்ளே உறைவு இருந்தால் தட்டையாகாது. உறுதியானால் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஊசியோ மாத்திரையோ, வழக்கமாகக் குறைந்தது 3 மாதம். வலி போய்விட்டதே என்று நடுவில் நிறுத்திவிடுவது நம் ஊரில் அடிக்கடி நடக்கிறது. உறைவு திரும்ப வர அதுவே வழி.

இதற்கெல்லாம் காத்திருக்க முடியாத நிலை ஒன்று உண்டு. திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்து, இருமலில் ரத்தம், தலைசுற்றி மயக்கம், காரணமில்லாத படபடப்பு. இவற்றில் ஒன்று வந்தாலும் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். பைக்கில் உட்கார வைத்துக் கூட்டிப் போகாதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

திரும்பிப் போகும் டிக்கெட் அடுத்த வாரமா? கால் வீக்கம் என்னவென்று தெரியாமல் விமானம் ஏற வேண்டாம், டி.வி.டி. உறுதியாகியிருந்தால் எப்போது பறக்கலாம் என்பதை மருத்துவரே சொல்லட்டும். பிரச்சினை இல்லாதவர்கள் நடைபாதை ஓர இருக்கை கேட்டு வாங்கலாம், மணிக்கொரு முறை எழுந்து நடக்கலாம், உட்கார்ந்தபடியே குதிகாலையும் முன்பாதத்தையும் மாற்றி மாற்றித் தூக்கலாம். தூக்க மாத்திரை போட்டு ஒரே நிலையில் எட்டு மணி நேரம் கிடப்பதைத் தவிர்க்கலாம். யாரோ வாட்ஸ்அப்பில் சொன்னார்கள் என்று ஆஸ்பிரின் போட்டுக்கொண்டு ஏறுவது மட்டும் வேண்டாம்.