ஸ்கோர் என்ன, சார்?
பாட்டரியைத் தின்னும் கிரிக்கெட் செயலிகள்

"ஸ்கோர் என்ன, சார்?"

இந்தக் கேள்வி நம் ஊருக்குப் புதிதல்ல. டிரான்சிஸ்டர் ரேடியோவைக் காதோடு ஒட்ட வைத்துக்கொண்டு பஸ்ஸில் நின்றவரை, முன்பின் தெரியாதவர்கூட இப்படிக் கேட்டதுண்டு. அவரும் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார். சொன்னதால் அவருடைய ரேடியோவுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

இன்று எல்லோர் சட்டைப் பையிலும் ஸ்கோர் இருக்கிறது. ஆனால் கடைசி ஓவர் வரும்போது கைபேசியில் உயிர் இருக்கிறதா என்பதுதான் கேள்வியாகிவிட்டது. எங்கள் தெருவில் குடியிருக்கும் பாங்கி நண்பர் ஒருவர் சென்ற மாதம் அலுத்துக்கொண்டார். "காலையில் நூறு சதவிகிதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன், சார். மாட்ச் முடிவதற்குள் போன் அணைந்து போயிற்று. நான் படம்கூடப் பார்க்கவில்லை. வெறும் ஸ்கோர்தான் பார்த்தேன்" என்றார்.

வெறும் ஸ்கோர் என்று அவர் சொன்னதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஸ்கோர் என்பது பத்து இருபது எழுத்துக்கள். அதைக் கொண்டுவர எவ்வளவு பாட்டரி வேண்டியிருக்கும்? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பார்படோஸ் ஆட்டத்தின் கணக்கு

2024 ஜூன் 29-ந் தேதி பார்படோஸ் தீவில் நடந்த இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். நமக்கு அது இரவு 8 மணி. இந்தியா 7 விக்கெட்டுக்கு 176. தென் ஆப்பிரிக்கா 8 விக்கெட்டுக்கு 169. நடுவே இடைவேளையும் சேர்த்து ஏறக்குறைய மூன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அன்று ஒருவர் செயலியைத் திறக்கவே இல்லை. எச்சரிக்கை மணியை மட்டும் நம்பியிருந்தார் என்று கொள்வோம். டாஸுக்கு ஒன்று, ஆரம்பத்துக்கு ஒன்று, விழுந்த விக்கெட்டுகள் 15, கோலியும் கிளாசனும் அடித்த அரைச் சதங்களுக்கு இரண்டு, இந்திய ஆட்டம் முடிந்ததற்கு ஒன்று, முடிவுக்கு ஒன்று. ஆக மொத்தம் 21 செய்திகள். மூன்றரை மணி நேரத்தில் கைபேசிக்கு வேலை 21 தடவைதான்.

இந்தச் செய்திகளை ஒவ்வொரு செயலியும் தனித்தனியே போய் எடுத்து வருவதில்லை. ஆண்டிராய்டு கைபேசியில் கூகிளும், ஐபோனில் ஆப்பிளும் ஒரு பொது வாசலைத் திறந்து வைத்திருக்கின்றன. தபால்காரர் ஒருவரே எல்லா வீட்டுக் கடிதத்தையும் கொண்டு வருவதைப்போல, எல்லாச் செயலிகளின் செய்தியும் அந்த ஒரு வழியாக வருகிறது. ஆகவேதான் எச்சரிக்கை மணியால் பாட்டரி கரைவது மிகக் கொஞ்சம்.

இன்னொருவர் செயலியைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தச் செயலி பத்து வினாடிக்கு ஒரு முறை "புதிதாக ஏதாவது உண்டா?" என்று தலைமை நிலையத்தைக் கேட்கும் வகை என்று வைத்துக்கொள்வோம். நிமிஷத்துக்கு 6, மணிக்கு 360, மூன்றரை மணிக்கு 1260 தடவை. ஆட்டத்தில் மொத்தம் வீசக்கூடிய முறையான பந்துகளோ 240! பெரும்பாலான கேள்விகளுக்கு "ஒன்றுமில்லை" என்பதே பதில்.

"பதில் சின்னதுதானே, அதனால் என்ன?" என்று கேட்கலாம். கைபேசியின் ரேடியோ பாகம் ஒரு சின்னச் செய்தியை வாங்கியவுடன் தூங்கப் போய்விடுவதில்லை. அடுத்த செய்தி வரக்கூடும் என்று சில வினாடிகள் முழு விழிப்பில் காத்திருக்கிறது. அதற்குள் செயலி மறுபடி தட்டி எழுப்பினால், ஆட்டம் முழுவதும் அதற்குத் தூக்கமே கிடையாது. பத்து எழுத்து வாங்கினாலும் விழித்திருந்த கூலி முழுக் கூலிதான். சிக்னல் நலிந்த இடத்தில், உதாரணமாக ஓடும் ரயிலில், இந்தக் கூலி இன்னும் கூடும். இதற்கு மேல் திரையின் வெளிச்சம் இருக்கிறது. பெரும்பாலும் அதுதான் முதல் செலவு.

விளம்பரம் என்னும் விருந்தாளி

இனிமேல்தான் முக்கியமான சங்கதி. இலவசச் செயலியின் அடியில் பட்டையாக ஓடும் விளம்பரம் அரை நிமிஷத்துக்கு ஒரு முறை மாறுகிறது என்று கொள்வோம். இது வழக்கத்திலுள்ள அளவுதான். மூன்றரை மணி நேரம் திரையைத் திறந்து வைத்தவருக்கு 420 விளம்பரங்கள்! 240 பந்துக்கு 420 விளம்பரம். ஒவ்வொன்றும் படத்தோடு வருகிறது. சில, அசையும் படத்தோடு வருகின்றன. ஸ்கோரைவிடப் பல மடங்கு பாரம் இவற்றுக்கு. பாட்டரியைத் தின்றது ஸ்கோர் அல்ல, கூடவே வந்த விருந்தாளிதான் என்பது இப்போது விளங்கும். பாட்டரி ஒரு பிரச்னை, விளம்பரம் வேறு பிரச்னை என்று நினைக்கிறோம். பார்க்கப்போனால் இரண்டும் ஒரே கணக்கில் வருகின்றன.

பட்டை விளம்பரத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். திரை முழுவதையும் மறைத்துக்கொண்டு நிற்கும் வகைதான் பொல்லாதது. மூடுவதற்கான பெருக்கல் குறியைக் கடுகளவில் ஒரு மூலையில் வைத்திருப்பார்கள். நான் ஒரு முறை அதைக் குறி வைத்துத் தொட்டேன். விரல் கொஞ்சம் விலகியது. கண் மூடித் திறப்பதற்குள் ஏதோ ஒரு சீட்டாட்டத்தின் கடை வாசலில் நின்றேன். திரும்பி வருவதற்குள் இரண்டு விக்கெட் போய்விட்டது.

இது வெறும் மரியாதைக் குறைவு மட்டுமல்ல. 2023 நவம்பரில் மத்திய சர்க்காரின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், உபயோகிப்பவரை ஏமாற்றும் 13 வித உபாயங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. விளம்பரத்தைச் செய்திபோல் வேஷம் கட்டி விடுவதும், ஓயாமல் நச்சரிப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பெருக்கல் குறி இன்னும் கடுகளவாகவே இருக்கிறது என்பது வேறு விஷயம்.

கிரிக்கெட் செயலிகளில் கொழுத்த விளம்பரங்கள் நெடுநாளாகப் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களுடையவை. 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டு நிறைவேற்றிய சட்டம் அத்தகைய ஆட்டங்களையும் அவற்றின் விளம்பரங்களையும் தடுத்தது. இந்திய அணியின் சட்டையில் பெயர் பொறித்திருந்த டிரீம்-11 கம்பெனி அந்த மாதமே விலகிக்கொண்டது. சட்டம் வந்துவிட்டதே என்று நிம்மதியாக இருக்க முடியவில்லை. பந்தயக் கம்பெனிகள் செய்திப் பக்கம் என்ற போர்வையில் விளம்பரம் செய்கின்றன என்று சர்க்கார் 2022-லேயே எச்சரித்திருக்கிறது.

'லைவ் லைன்' என்ற பெயரோடு உலவும் சில செயலிகளை வாசகர்கள் பார்த்திருக்கலாம். டெலிவிஷனுக்கு முன்பே பந்தின் முடிவைச் சொல்வதாக அவை பெருமை பேசுகின்றன. சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ஸ்கோருக்குப் பக்கத்தில் இரண்டு எண்கள் மேலும் கீழும் துடித்துக்கொண்டிருந்தால், அது சூதாட்ட விகிதம் என்று அறிக. ஒரு பந்தின் முடிவு ஐந்து வினாடி முந்தித் தெரிந்து உங்களுக்கும் எனக்கும் ஆகப் போவது என்ன? பணம் கட்டுகிறவனுக்குத்தான் அந்த ஐந்து வினாடி தேவை. வீட்டில் படிக்கிற பையன் வேகத்துக்காக இத்தகைய செயலியை வைத்திருந்தால், பெரியவர்கள் ஒரு முறை திறந்து பார்ப்பது நல்லது.

மில்லர் அவுட்! எப்படி?

வர்ணனைக்கு வருவோம். பார்படோஸ் ஆட்டத்தின் கடைசி ஓவர். ஆறு பந்தில் 16 ரன் வேண்டும். ஹார்திக் பாண்டியா வீசிய முதல் பந்து, தரை தொடாமல் ஆப் பக்கம் அகன்று வந்தது. மில்லர் நேராகத் தூக்கி அடித்தார். எல்லைக் கயிற்றின் ஓரம் ஓடி வந்த சூர்யகுமார் பிடித்தார். கால் கயிற்றுக்கு வெளியே போகும் என்று தெரிந்ததும் பந்தை உள்பக்கம் மேலே போட்டுவிட்டு வெளியே சென்றார், திரும்பி வந்து மறுபடி பிடித்தார். மூன்றாவது நடுவர் படத்தைப் பார்த்துவிட்டு அவுட் என்றார்.

இதை ஒரு மட்டமான செயலி எப்படிச் சொல்லும்? "விக்கெட்! மில்லர், கேட்ச்." அவ்வளவுதான். கோப்பையே அந்தப் பிடியில் இருந்தது என்பது படிப்பவருக்குத் தெரியாது. பல சின்னச் செயலிகளில் வர்ணனை எழுத ஆள் கிடையாது. ஸ்கோர் குறிப்பவர் தட்டும் பொத்தானுக்கு ஏற்றாற்போல் தயாராக உள்ள வாக்கியம் வந்து விழுகிறது. இதைக் கண்டுபிடிக்க டெஸ்ட் மாட்ச்சில் ரன் இல்லாத ஓர் ஓவரைப் படியுங்கள். ஆறு பந்துக்கும் "நல்ல நீளம், தடுத்து ஆடினார்" என்றே இருந்தால் எழுதியது மனிதர் அல்ல. ஆள் வைத்து எழுதும் இடத்தில் பந்து எங்கே விழுந்தது, ஆட்டக்காரர் முன்னங்காலில் போனாரா, மட்டையின் எந்தப் பாகத்தில் பட்டது என்ற விவரம் இருக்கும்.

இந்த வகையில் என் அபிப்பிராயத்தில் கிரிக்இன்போ ஒரு படி மேல். 1993-ல், கணிப்பொறிக்கு முன் அமர்ந்து ஆர்வலர்கள் தொலைதூர நண்பர்களுக்கு ஸ்கோரைத் தட்டச்சு செய்து அனுப்பியதில் பிறந்த ஸ்தாபனம் அது. அந்தப் பழக்கம் எழுத்தில் தெரிகிறது. கிரிக்பஸ்ஸில் பேச்சு வாடை தூக்கல். கலகலப்பு உண்டு, கையில் எடுத்தவுடன் கணக்கு கண்ணில் படுகிறது. அலுவலக இடைவேளையில் அரை நிமிஷம் பார்ப்பவருக்கு அது சௌகரியம். இலவசமாக உபயோகிக்கும்போது இரண்டிலும் விளம்பரம் உண்டு.

மணியை மட்டும் நம்புகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இணைய வழியில் படம் பார்ப்பவருக்கு மைதானத்தில் நடந்தது பல வினாடி தாமதமாகத்தான் வந்து சேருகிறது. பந்து வீச்சாளர் ஓடி வரும்போதே பையிலிருந்து "விக்கெட்" என்று மணி அடித்து ரசத்தைக் கெடுத்துவிடும். படம் பார்க்கும் நேரத்தில் மணியை நிறுத்தி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

உங்கள் கைபேசியில் எது எவ்வளவு தின்கிறது என்பதை நீங்களே சோதிக்கலாம். இரண்டு ஆட்ட நாட்களில் இரண்டு செயலிகளைத் தனித்தனியே, ஒரே வெளிச்ச அளவில், ஒரே இணைப்பில் உபயோகியுங்கள். இரவில் அமைப்புகளில் பாட்டரி என்ற பகுதியைத் திறந்தால் செயலிவாரியாகக் கணக்கு இருக்கும். முன்னால் திறந்திருந்த நேரம் எவ்வளவு, பின்னணியில் ஓடிய நேரம் எவ்வளவு என்று பல கைபேசிகள் பிரித்தே காட்டும். நீங்கள் பத்து நிமிஷம் பார்த்த செயலி பின்னணியில் மணிக்கணக்கில் ஓடியிருந்தால் அதை வீட்டுக்கு அனுப்பலாம்.

பாங்கி நண்பருக்கு நாங்கள் செய்து கொடுத்தது சின்ன வேலைதான். வந்த அறிவிப்பு ஒன்றை விரலால் சற்று நேரம் அழுத்தினோம். 2017-ல் வந்த எட்டாவது ஆண்டிராய்டு முதல் அறிவிப்புகளை வகைவாரியாகப் பிரிக்க இடம் உண்டு. அவருடைய செயலி அப்படிப் பிரித்தே வைத்திருந்தது. செய்தி, சலுகை எல்லாவற்றையும் அணைத்துவிட்டு விக்கெட்டையும் முடிவையும் மட்டும் வைத்தோம். அடுத்த ஆட்டத்தன்று இரவு பத்து மணிக்கும் அவருடைய கைபேசி விழித்திருந்தது.

ஆனால் அதற்கு மறுநாள் "மணியே வரவில்லை" என்று வந்து நின்றார். விசாரித்ததில், பாட்டரியை இன்னும் மிச்சம் பிடிக்க எண்ணி, அமைப்புகளில் அந்தச் செயலியை வலுக்கட்டாயமாக நிறுத்தியிருக்கிறார். அப்படி நிறுத்திய செயலிக்குப் பொது வாசல் வழியாகவும் செய்தி வராது. மறுபடி ஒரு தடவை நாமே திறந்த பிறகுதான் வரும்.