ஞாயிறு விற்ற காசு எப்போது கணக்கில் ஏறும்?

கடலூர் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர் அவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

திருவந்திபுரத்தில் சில சிறிய கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். மாலைக்கடை, பூஜைச் சாமான் கடை, சிற்றுண்டிக் கடை என்று எல்லாமே தேவநாத சுவாமி கோயிலையும் ஔஷதகிரியையும் நம்பி நடப்பவை. முகூர்த்த நாளில் இங்கே எத்தனை கல்யாணம் நடக்கும் என்பது தங்களுக்கும் தெரிந்திருக்கும். அந்த முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்துவிட்டால் விடியற்காலையிலிருந்தே க்யூஆர் அட்டையும் ஸ்வைப் மெஷினும் ஓயாது. அந்தப் பணம் நடப்புக் கணக்கில் எப்போது ஏறுகிறது, எவ்வளவு ஏறுகிறது என்பதைக் கடைக்காரர் தெரிந்துகொள்ள வழியில்லாமல் இருப்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

கடையில் சவுண்ட் பாக்ஸ் "ஐந்நூறு ரூபாய் பெறப்பட்டது" என்று சொன்னதும், ஐந்நூறும் தன் கணக்குக்கு வந்துவிட்டதாகவே கடைக்காரர் நினைக்கிறார். வாடிக்கையாளரின் வங்கியில் பணம் கழிந்து பரிவர்த்தனை வெற்றி பெற்றது என்ற தகவல்தான் அது. அந்தப் பணம் யு.பி.ஐ. அமைப்பின் வழியாக, க்யூஆர் கொடுத்தவர் சார்பில் பணம் வாங்கும் வங்கிக்குப் போகிறது. க்யூஆர் கொடுத்தது ஒரு பேமென்ட் நிறுவனம் என்றால், அந்த நிறுவனத்தின் எஸ்க்ரோ கணக்கில் போய்ச் சேர்கிறது. அன்றைய விற்பனையை மொத்தமாகக் கூட்டி, ஒரே வரவாகக் கடைக்காரரின் நடப்புக் கணக்குக்கு அனுப்புவதைத்தான் செட்டில்மென்ட் என்கிறார்கள். சில வங்கிகள் தாங்களே கொடுத்த க்யூஆருக்கு ஒவ்வொரு தொகையையும் அப்போதைக்கப்போதே வரவு வைக்கின்றன. இரண்டு விதமான அட்டையும் மேஜை மேல் ஒரே மாதிரிதான் இருக்கும். பக்கத்துக் கடையில் உடனே ஏறுகிறது, நமக்கு மட்டும் ஏன் மறுநாள் என்று கடைக்காரர்கள் என்னிடம் கேட்பது இதனால்தான்.

ஒரு கணக்கையே போட்டுக் காட்டுகிறேன். ஆண்டு விற்றுமுதல் இருபது லட்சத்துக்குள் இருக்கும் ஒரு மாலைக்கடை என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறு முகூர்த்தத்தில் க்யூஆரில் 38,400 ரூபாய் விற்பனை. மெஷினில் டெபிட் கார்டில் மூவாயிரம் வீதம் மூன்று பேர், கிரெடிட் கார்டில் ஒருவர் 12,000, ஆக 21,000. இரண்டும் சேர்ந்து 59,400 ரூபாய் என்று கடைக்காரர் நோட்டில் எழுதிவிட்டுக் கடையைச் சாத்துகிறார். பிறகு கணக்கில் இரண்டு வரவுகள் விழுகின்றன. ஒன்று 38,261 ரூபாய் 94 காசு, இன்னொன்று 20,702 ரூபாய் 64 காசு. மொத்தத்தில் 435 ரூபாய் 42 காசு குறைகிறது. பாஸ்புக்கில் இருப்பதோ நிறுவனத்தின் பெயரும் ஒரு நீண்ட எண்ணும் மட்டுமே.

மெஷின் பணத்தில் குறைந்ததற்குக் கணக்கு உண்டு. இந்த அளவு சிறிய கடைக்கு, மெஷினில் தேய்க்கும் டெபிட் கார்டுக்கு 0.40 சதவீதத்துக்கு மேல் கட்டணம் வாங்கக் கூடாது, அதுவும் ஒரு பரிவர்த்தனைக்கு 200 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது 2018 ஜனவரி முதல் ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் வரம்பு. அந்தக் கணக்கில் 9,000 ரூபாய்க்கு 36 ரூபாய். வந்தது ரூபே டெபிட் கார்டாக இருந்திருந்தால் அந்த 36 ரூபாயும் கிடையாது. கிரெடிட் கார்டுக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை, ஒப்பந்தத்தில் எழுதியதுதான். 1.8 சதவீதம் என்று கொண்டால் 216 ரூபாய். இரண்டுக்கும் சேர்த்து 18 சதவீத ஜி.எஸ்.டி. 45 ரூபாய் 36 காசு. எல்லாம் கூட்டினால் 297 ரூபாய் 36 காசு சரியாக வந்துவிடுகிறது.

க்யூஆரில் ஏன் குறைந்தது என்பதுதான் யாருக்கும் விளங்குவதில்லை. 2020 ஜனவரியிலிருந்து யு.பி.ஐ.க்குக் கட்டணமே இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ. செயலியில் இணைத்து, அதே க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்து கட்டுகிறவர்கள் இப்போது இருக்கிறார்கள். சிறு வணிகருக்கு அதில் 2,000 ரூபாய் வரைதான் கட்டணம் இல்லை. அதற்கு மேல் போனால் கிரெடிட் கார்டு போலவே பிடித்தம் உண்டு. நம் மாலைக்கடையில் ஒருவர் 6,500 ரூபாயை அப்படிக் கட்டியிருக்கிறார். அதே 1.8 சதவீதமும் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து 138 ரூபாய் 6 காசு. பணம் வாங்கும்போது சவுண்ட் பாக்ஸ் இதைச் சொல்லாது, வாடிக்கையாளரும் சொல்லமாட்டார். இந்த விவரம் செட்டில்மென்ட் அறிக்கையில் இருக்கும். அது ஆங்கிலத்தில், கணக்கு தொடங்கிய நாளில் யாரோ ஒருவர் எழுதிக் கொடுத்த மின்னஞ்சல் முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கும். அந்த அறிக்கையைத் திறந்தே பார்க்காத கடைகள்தான் அதிகம். காசு குறைந்தது அநியாயம் என்று நான் சொல்லவில்லை. எதற்காகக் குறைந்தது என்று தெரியாமல் இருப்பதுதான் அநியாயம்.

இதைவிடப் பெரிய கஷ்டம் நாள் கணக்கில் இருக்கிறது. மெஷினில் இரவு செட்டில்மென்ட் அடித்து பேட்ச் மூட மறந்தால், தானாக மூடாத மெஷின் என்றால், அந்தப் பணம் இன்னும் ஒரு நாள் தள்ளிப்போகும். சில ஒப்பந்தங்களில் வங்கி விடுமுறை நாளில் செட்டில்மென்ட் கிடையாது. சனி, ஞாயிறு விற்றதெல்லாம் திங்கள்கிழமைதான் வரும், திங்களும் விடுமுறையானால் செவ்வாய். ஆனால் கணக்கிலிருந்து போகும் பணம் விடுமுறை பார்ப்பதில்லை. 2021 ஆகஸ்ட் முதல் கடன் தவணைகள் ஞாயிறு, பண்டிகை நாளிலும் தானாகப் பிடிக்கப்படுகின்றன. தவணை நாளான ஐந்தாம் தேதி ஞாயிறாக இருந்து, அன்று முகூர்த்தமும் இருந்தால், கல்லாவில் ஐம்பதாயிரம் விற்றிருக்கும். கணக்கில் பணம் இல்லை என்று வண்டிக்கடன் தவணை திரும்பியிருக்கும். அதற்கு அபராதம், போதாததற்கு நடப்புக் கணக்கின் சராசரி இருப்பும் குறையும். 2025 அக்டோபரிலிருந்து காசோலையும் போட்ட அன்றே தீர்வாகிறது. பூ மொத்த வியாபாரிக்கு ஞாயிறு இரவு கொடுத்த காசோலை திங்கள் காலை வங்கிக்குப் போனால், முன்பு கிடைத்த ஒரு நாள் அவகாசம் இப்போது இல்லை.

நெஃப்ட் 2019 டிசம்பரிலும், ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பரிலும் இரவு பகல் எல்லா நாளும் இயங்கத் தொடங்கிவிட்டன. ஆகவே ஞாயிறன்று கடைக்காரருக்குப் பணம் அனுப்பத் தொழில்நுட்பத் தடை என்று யாரும் இனிச் சொல்ல முடியாது.

கட்டண விகிதத்தையோ ஒப்பந்தத்தையோ மாற்றும் அதிகாரம் தங்களுக்கு இல்லை என்பதை அறிவேன். ஆனால் மாவட்ட அளவிலான வங்கியாளர் ஆலோசனைக் குழுவில் எல்லா வங்கிகளையும் ஒரே மேஜையில் உட்கார வைப்பவர் தாங்கள்தான். அடுத்த கூட்டத்தில் இந்தப் பொருளை வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மெஷினோ க்யூஆரோ கொடுக்கும்போது, அன்றைய கணக்கு எத்தனை மணிக்கு மூடப்படும், விடுமுறையில் பணம் வருமா, எந்தக் கார்டுக்கு எவ்வளவு பிடித்தம், மெஷின் வாடகை எவ்வளவு என்று தமிழில் ஒரு பக்கம் அச்சிட்டுக் கையில் கொடுக்கட்டும். வரவு விழும்போது வரும் குறுஞ்செய்தியில் விற்ற தேதி, மொத்த விற்பனை, பிடித்தம், கையில் வந்தது என்ற நான்கும் இருக்கட்டும். விடுமுறை நாளிலும் செட்டில்மென்ட் தரும் வசதி தங்களிடம் உண்டா, உண்டென்றால் எவ்வளவு கட்டணம் என்று ஒவ்வொரு வங்கியும் கூட்டத்திலேயே பதில் சொல்லட்டும். கணக்கு தொடங்கும்போதே இது தெரிந்தால், தவணைத் தேதியை ஏழுக்கோ எட்டுக்கோ மாற்றிக்கொள்ளக் கடைக்காரருக்கே தெரியும்.

இன்னொன்றும் கேட்கிறேன். ஆடியில் இங்கே முகூர்த்தம் கிடையாது, கடைகளிலும் கூட்டம் குறைவு. தங்கள் நிதிக் கல்வி மையத்தின் முகாம் ஒன்றை அந்த மாதம் திருவந்திபுரத்தில் நடத்துங்கள். கடைக்காரர்கள் தங்கள் வங்கி அறிக்கையையும் ஒரு மாதச் செட்டில்மென்ட் அறிக்கையையும் எடுத்துக்கொண்டு வருவதற்கு நான் பொறுப்பு.

இப்படிக்கு,
கடைக் கணக்கு எழுதும் ஒருவர்,
திருவந்திபுரம்.