தோழர்கள் அதிபர்கள் ஆனார்கள்

சோவியத் யூனியன் சிதறியதைப் பற்றி நம் இளைஞர்களிடம் ஒரு கருத்து நிலவுகிறது. ஆப்கானிஸ்தானில் அடிவாங்கிய நாத்திக வல்லரசு சரிந்தது, மத்திய ஆசிய முஸ்லிம்கள் விடுதலை பெற்றார்கள் என்பதே அது. இதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள தஜிகிஸ்தானைப் பார்த்தால் போதும்.

1985-ல் கோர்பசேவ் பதவிக்கு வந்தார். ஆறே ஆண்டுகளில் பதினைந்து குடியரசுகளும் தனித்தனி நாடுகளாயின. ஆனால் யூனியனை உடைத்தவர்கள் மத்திய ஆசிய முஸ்லிம்கள் அல்லர். 1991 மார்ச்சில் நடந்த பொது வாக்கெடுப்பில், யூனியன் நீடிக்க வேண்டும் என்று அப்பகுதி மக்கள் 90 சதவீதத்திற்கும் மேல் வாக்களித்ததாகவே அரசுக் கணக்கு சொன்னது. அதே ஆண்டு டிசம்பர் 8 அன்று ரஷ்யா, உக்ரைன், பெலாரஸ் தலைவர்கள் மூவர் ஒரு காட்டு மாளிகையில் கூடி யூனியன் முடிந்தது என்று கையெழுத்திட்டார்கள். முஸ்லிம் குடியரசுகளின் தலைவர்கள் எவரும் அங்கே இல்லை.

ஆக, விடுதலை கேட்காமலே வந்து சேர்ந்தது. அதை வாங்கிக்கொண்டவர்கள் யார்? நேற்றுவரை கம்யூனிஸ்ட் கட்சியின் செயலாளர்களாக இருந்தவர்கள்! உஸ்பெகிஸ்தானின் கரீமோவ் 2016-ல் இறக்கும்வரை ஆண்டார். கஜகஸ்தானின் நஜர்பாயேவ் 2019 வரை பதவியில் இருந்தார். கொடி மாறியது, நாற்காலியும் உளவுத்துறையும் மாறவில்லை.

தஜிகிஸ்தானிலும் பழைய கட்சித் தலைவர் நபியேவ்தான் 1991 நவம்பரில் அதிபரானார். அவரை எதிர்த்து இஸ்லாமிய மறுமலர்ச்சிக் கட்சியும் ஜனநாயகவாதிகளும் அணி சேர்ந்தார்கள். 1992 வசந்த காலத்தில் துஷான்பே நகரின் ஷஹீதான் சதுக்கத்தில் எதிர்க்கட்சியினரும், ஆஸாதி சதுக்கத்தில் அரசு ஆதரவாளர்களும் வாரக்கணக்கில் முகாமிட்டார்கள். மே மாதம் அரசு தன் ஆதரவாளர்களுக்குத் துப்பாக்கிகளை வழங்கியது. உள்நாட்டுப் போர் மூண்டது.

அது இஸ்லாத்துக்கும் கம்யூனிசத்துக்கும் நடந்த போர் என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. களத்தில் நடந்தது வேறு. குலாப், குஜந்த் பகுதியினர் ஒரு பக்கம். கர்ம், பாமிர் பகுதியினர் மறுபக்கம். மோதல் மிகக் கொடூரமாக இருந்தது வக்ஷ் பள்ளத்தாக்கில். பருத்தி விளைவிப்பதற்காக மலையிலிருந்த கர்ம் மக்களை ஸ்டாலின் காலத்தில் பலவந்தமாக இறக்கிக் குடியமர்த்திய இடம் அது. நிலத்துக்கும் தண்ணீருக்கும் பதவிக்கும் அங்கே மூண்டிருந்த பகை, மாஸ்கோவின் பிடி தளர்ந்ததும் வெடித்தது. நீ எந்த ஊர் என்று கேட்டுக் கொன்றார்கள். கொன்றவரும் முஸ்லிம், கொல்லப்பட்டவரும் முஸ்லிம். பல்லாயிரம் பேர் மாண்டார்கள். ஆயிரக்கணக்கானோர் ஆற்றைக் கடந்து, அப்போது போரில் எரிந்துகொண்டிருந்த ஆப்கானிஸ்தானில் தஞ்சம் புகுந்தார்கள்.

1997 ஜூன் 27 அன்று மாஸ்கோவில் சமாதானம் கையெழுத்தானது. அரசுத் தரப்பில் ரஹ்மானோவ், எதிர்த்தரப்பில் செய்யித் அப்துல்லாஹ் நூரி. அரசுப் பதவிகளில் 30 சதவீதம் எதிரணிக்கு என்றும், கட்சித் தடை நீங்கும் என்றும் ஒப்பந்தம் சொன்னது. பதிலுக்கு எதிரணியினர் ஆயுதங்களை ஒப்படைத்தார்கள். அந்த வட்டாரத்தில் சட்டபூர்வமாக இயங்கிய ஒரே இஸ்லாமியக் கட்சி என்ற பெயர் அந்தக் கட்சிக்குக் கிடைத்தது.

பிறகு என்ன ஆயிற்று? ஒப்பந்தத்தை எவரும் ஒரே நாளில் கிழித்தெறியவில்லை. பதவி பெற்றவர்கள் ஒவ்வொருவராக நீக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். சிலர் அரசோடு ஒத்துப்போய் அமைதியானார்கள். 2006-ல் நூரி மறைந்தார். 2011-ல் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் பள்ளிவாசலுக்குப் போகத் தடை போட்டுச் சட்டம் வந்தது. 2015 மார்ச் தேர்தலில் கட்சி கையிலிருந்த இரண்டு இடங்களும் போயின. செப்டம்பரில் அதைப் பயங்கரவாத அமைப்பு என்று உச்ச நீதிமன்றம் தடை செய்தது. மறு ஆண்டு அரசியல் சட்டத்தைத் திருத்தி, ரஹ்மான் எத்தனை முறையும் அதிபராகலாம் என்று வழி செய்தார்கள். மதம் சார்ந்த கட்சிகளுக்கே இடமில்லை என்றும் எழுதி வைத்தார்கள்.

30 சதவீதம் என்ற எண் காகிதத்தில் இருந்தது. அதை மீறினால் தட்டிக் கேட்கச் சுதந்திரமான நீதிமன்றம் இல்லை, பத்திரிகை இல்லை, நேர்மையான தேர்தல் இல்லை. ஒப்பந்தத்தை மேற்பார்வையிட்ட ஐ.நா. குழு 2000-ல் மூட்டை கட்டியது. அதன்பின் அதிபரின் நல்லெண்ணம் ஒன்றே அந்த ஒப்பந்தத்துக்குக் காவலாக இருந்தது.

வல்லரசு விழுந்ததைக் கொண்டாடுபவர்கள் துஷான்பேயின் இந்தக் கணக்கையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஊர்ப்பகை அம்மக்களை இரண்டாகப் பிளந்தது. பிளவின் நடுவே நாற்காலியைப் பிடித்தவர் 1992-ல் அமர்ந்தார். முப்பது ஆண்டுகள் கடந்தும் இறங்கவில்லை. ஒதுக்கீட்டை வாங்குவது பாதி வேலை. வாங்கியதைக் காக்கும் அமைப்பையும் சேர்த்து வாங்காத சமுதாயத்தின் கையில் கடைசியில் மிஞ்சுவது காகிதம்தான்.